செல்லத்துரை Sellathuraiயா, Chellathuraiயா? மொழிபெயர்ப்பில் பெயர் எழுதும் வழிகளும் எழுதாமல் விடும் இடங்களும்

பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது பெயர் எழுதிய கட்டத்தில்தான் கை நிற்கும். பிறந்த இடம், பதிவாளர் பிரிவு, விவாக நிலை போன்ற மற்றக் கட்டங்களுக்கு எல்லோரும் எழுதுகிற ஆங்கிலச் சொற்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. பெயருக்கு அப்படி ஒன்றும் இல்லை. தமிழில் ஒரே மாதிரி எழுதிய பெயர் ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக வரும். எதுவும் பிழையில்லை, ஆனால் விண்ணப்பக் கோப்புக்கு அவற்றில் ஒன்றுதான் பொருந்தும்.

வன்னியில் இந்தச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். 2008, 2009 இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் பல. பிறகு எடுத்த பிரதிகள், முகாமில் சிங்களத்தில் பதிந்த பெயர்கள், அதற்குப் பின் எடுத்த அடையாள அட்டை, ஏஜென்சிக்காரர் நிரப்பிக் கொடுத்த கடவுச்சீட்டு விண்ணப்பம், வெளிநாட்டில் இருக்கிற அண்ணனின் கனடியத் தாள்கள் எல்லாம் ஒரே பையில் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் பெயரை எழுதியவர் வேறு, கேட்ட காது வேறு.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர்கள் எடுத்துக்காட்டுக்கு நான் வைத்தவை, சிக்கல் அடிக்கடி வருவதுதான். கிளிநொச்சியில் பிறந்த ஜெயந்தினியை ரொறன்ரோவில் இருக்கும் கணவர் கூப்பிடுகிறார். சான்றிதழில் பெயர் ஜெயந்தினி, தகப்பன் பெயர் கந்தையா செல்லத்துரை. ஜெயந்தினியின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் SELLATHURAI, மற்றப் பெயர் JEYANTHINY. தகப்பனுடைய பழைய கடவுச்சீட்டில் KANDIAH SELLADURAI. முன்பே போய்விட்ட அண்ணன் அங்கே CHELLATHURAI. மூன்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே செல்லத்துரை.

இந்தச் சான்றிதழை ஆங்கிலமாக்கும்போது பெயருக்கு என்னென்ன வழி இருக்கிறது?

எழுத்துக்கு எழுத்து

முதலாவது, நூலகக்காரர்களும் ஆய்வாளர்களும் கையாளும் முறை. 2001இல் வந்த ISO 15919 என்ற தரம் தமிழ் உட்பட இந்திய எழுத்து வகைகளுக்கெல்லாம் உரோம எழுத்து வகுத்திருக்கிறது. அதன்படி செல்லத்துரை ஜெயந்தினி `cellatturai jeyantiṉi` ஆகும். இதில் ஒரு அழகு உண்டு. ந, ன, ண எல்லாம் பிரிந்து நிற்கும், இரட்டித்த த தெரியும், உரோம எழுத்திலிருந்து தமிழுக்குத் திரும்பினால் ஒரு எழுத்தும் தவறாது. பழைய நூல்களுக்குப் பட்டியல் போடுகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை.

வீசா கோப்பில் இதை வைத்தால் அந்தப் பெயருக்கு உரியவரே அடையாளம் காணமாட்டார். cellatturai என்பதைப் பார்க்கிற ஆங்கில வாசகர் செ என்று வாசிக்கலாம், கெ என்றும் வாசிக்கலாம். ṉ என்பதன் கீழ்க்கோடு இணையப் படிவத்தில் விழுந்துபோகும். கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கிற இரண்டு வரிகளிலும் A முதல் Z வரை, இலக்கங்கள், `<` என்ற நிரப்பு அடையாளம் இவற்றைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 ஆவணம் சிரில்லிக்குக்கும் அரபுக்கும் மாற்று அட்டவணை தந்திருக்கிறது, தமிழுக்குத் தரவில்லை. ஆகவே, தமிழ்ப் பெயருக்கு இதுதான் சரியான ஆங்கில எழுத்து என்று அடித்துச் சொல்லக் கடவுச்சீட்டு உலகில் ஒரு விதியும் இல்லை. அலுவலகத்தில் என்ன எழுதிக் கொடுத்தார்களோ அதுவே பெயர்.

காதுக்குக் கேட்டபடி

இரண்டாவது வழியைத்தான் கச்சேரிப் பக்கத்து ரைப்பிங் கடைகளில் அதிகம் காணலாம். மொழிபெயர்ப்பாளர் பெயரை வாசித்து, தனக்குச் சரியென்று படுகிற ஆங்கிலத்தில் அடிக்கிறார். Jeyanthini என்று வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடவுச்சீட்டில் கடைசி எழுத்து Y. அந்த ஒரு எழுத்துக்காக, இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால், செலவும் காத்திருப்பும் விண்ணப்பகாரர் தலையில்தான்.

இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. எந்தத் தாளிலும் ஆங்கிலப் பெயர் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். கடவுச்சீட்டே எடுக்காமல் இறந்துபோன பாட்டி, சான்றிதழில் சாட்சியாக வருகிற அயலவர், விவாகப் பதிவாளர் போன்றவர்கள். அவர்களுக்குக் காது வழிதான். அப்போது ஒரு ஒழுங்கு வேண்டும்: வன்னியில் எல்லோரும் எழுதுகிறபடி த-வுக்கு th, இகரத்துக்கு i, ழ-வுக்கு l என்று ஒரு தாளில் குறித்து வைத்து, கோப்பு முழுவதும் அதையே பிடிக்க வேண்டும். முதற் பக்கத்தில் Thangammah, மூன்றாம் பக்கத்தில் Thankamma என்று ஒரே பாட்டி இரண்டாகப் பிரிந்தால், படிக்கிற அதிகாரி இரண்டு பாட்டி என்றுதான் எண்ணுவார்.

பெயர்க்காரர் எழுதுகிறபடி

மூன்றாவது வழி: ஆங்கில எழுத்தை உண்டாக்குவதற்கு முன் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுவது. வேலை எடுக்கும்போதே கடவுச்சீட்டின் படப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, JEYANTHINY என்று இருந்தால் Jeyanthiny என்றே எழுதுவது. நான் பின்பற்றுவது இதைத்தான். சான்றிதழின் தமிழில் ஆங்கில எழுத்து இல்லை, ஆகவே எதை எழுதினாலும் அது ஒரு தெரிவு. அந்தத் தெரிவைப் பெயர்க்காரர் முன்பே செய்துவிட்டார் என்றால் நான் மாற்ற என்ன உரிமை?

இனித் தகப்பன் பெயர். அவருக்கு எது? மகளின் SELLATHURAIயா, அவருடைய சொந்த SELLADURAIயா? மகளின் எழுத்தையே எல்லா இடத்திலும் போட்டால் இந்த ஒரு தாள் அழகாகத் தெரியும். ஆனால் அதே கோப்பில் தகப்பனின் கடவுச்சீட்டுப் பிரதி இருந்தால், தாள்கள் ஒன்றுக்கொன்று இடிக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் அவரவர் எழுத்து: மகளுக்கு Jeyanthiny, தகப்பனுக்கு Kandiah Selladurai. பிறகு ஒரு குறிப்பு: தமிழ் மூலத்தில் தகப்பனின் பெயர் செல்லத்துரை, மகளின் கடவுச்சீட்டில் Sellathurai என்றும் தகப்பனுடையதில் Selladurai என்றும் இருப்பது இதே தமிழ்ப் பெயர்தான். குறிப்பு சதுர அடைப்புக்குள், மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்ற தலைப்போடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றிதழிலேயே அப்படி இருக்கிறது என்று ஆகிவிடும். அண்ணனுடைய தாள்களும் அதே கோப்பில் போகுமானால் அவருடைய CHELLATHURAIயும் அந்தக் குறிப்புக்குள் வரும். தகப்பன் உயிரோடில்லை, அவர் பெயரில் ஆங்கிலத் தாள் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் மகளின் எழுத்தே அவருக்கும் போதும்.

கந்தையா செல்லத்துரை என்பதைப் பார்த்து, செல்லத்துரை தகப்பனின் பெயர், கந்தையா குடும்பப் பெயர் என்று இடம் மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. மேற்கு நாட்டு அதிகாரிக்கு விளங்கட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். அதைச் செய்யக் கூடாது. மூலத்தில் வரிசை எப்படியோ மொழிபெயர்ப்பிலும் அப்படியே. முன்னால் நிற்பது அவரவருடைய தகப்பன் பெயர், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்பதைக் குறிப்பில் ஒரு வரியில் சொல்லலாம். தகப்பனுக்கும் மகளுக்கும் ஏன் ஒரே குடும்பப் பெயர் இல்லை என்ற கேள்வி அதோடு அடங்கும்.

முதலெழுத்திலும் இதே கதை. பாடசாலைச் சான்றிதழில் செ. ஜெயந்தினி என்றிருந்தால் S. Jeyanthiny. அண்ணனுடையதிலும் செ. என்றுதான் இருக்கும், ஆனால் அவருக்கு C. எழுத வேண்டும். ஒரே வீட்டின் ஒரே செ. இரண்டு ஆங்கில எழுத்தாகப் பிரிவது வேடிக்கையாக இருக்கலாம், கோப்புக்கு அதுதான் சரி.

கடவுச்சீட்டு மறைக்கும் பிழை

இந்த வழிக்கு ஒரு எல்லை உண்டு. அதை மீறினால் மொழிபெயர்ப்பு பொய்யாகிவிடும்.

சான்றிதழில் ஜெயந்தினி என்பதற்குப் பதில் ஜெயந்தனி என்று இருக்கிறது என்போம். பதிவாளர் ஒரு இகரக் குறியைத் தவறவிட்டிருக்கலாம், பிரதி எடுத்தவர் விட்டிருக்கலாம். கடவுச்சீட்டு JEYANTHINY என்கிறது. அதைப் பார்த்து Jeyanthiny என்று எழுதினால், மூலத்தில் உள்ள வேறுபாட்டை நான் மறைத்துவிட்டேன். பிள்ளைக்கு உதவி செய்ததாகத் தோன்றும். ஆனால் கனடிய குடிவரவுத் துறை மொழிபெயர்ப்போடு மூலத்தையோ அதன் உறுதிப்படுத்திய பிரதியையோ கேட்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பெயரில் மட்டுமல்ல, தாள் முழுவதிலும் நம்பிக்கை போய்விடும். வீட்டுக்காரரோ விண்ணப்பகாரரோ மொழிபெயர்க்கக் கூடாது என்று அவர்கள் சொல்வதும் இப்படியான உதவிகளுக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் எழுத்து வேறுபாடு எது, பெயர் வேறுபாடு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழில் வாசித்துப் பார்ப்பதுதான் வழி. Selladurai, Sellathurai, Chellathurai எதை வாசித்தாலும் செல்லத்துரைக்கு வந்து சேரலாம், ஏனென்றால் தமிழில் த ஒன்றுதான், அதை th, t, d, dh என்று எப்படியும் எழுதுகிறார்கள். ச-வுக்கு s-உம் ch-உம் வழக்கம். கடைசி இகரம் i, y, ie எதுவாகவும் வரலாம். நெடிலும் இரட்டித்த மெய்யும் ஆங்கிலத்தில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். இவையெல்லாம் எழுத்து வேறுபாடு, கடவுச்சீட்டைப் பின்பற்றலாம். Jeyanthinyயை எப்படி வாசித்தாலும் ஜெயந்தனி வராது. அங்கே மூலத்தில் உள்ளபடி Jeyanthani என்று எழுதி, கடவுச்சீட்டில் Jeyanthiny என்று இருப்பதைக் குறிப்பில் காட்ட வேண்டும். ராஜாவும் ராசாவும் கூட அப்படித்தான். மூலத்தில் ராசா என்றிருக்க, கடவுச்சீட்டில் RAJAH என்றிருந்தால் ஊரில் இரண்டும் ஒரே ஆள் என்று எல்லோருக்கும் தெரியும், தாளுக்குத் தெரியாது.

பிழையைத் திருத்த வேண்டியது சான்றிதழில். பிரதேச செயலகத்தில் இருக்கிற மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளையில் கேட்டால் எந்தப் படிவம், என்ன சான்று என்று சொல்வார்கள். மொழிபெயர்ப்பதற்கு முன்பே அதைச் சொல்லி அனுப்பினால் ஆளுக்கு ஒரு தடவைச் செலவு மிச்சம்.

சிங்களம் வழியாக வரும் பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். தமிழில் ந்த என்று எழுதினாலும் வாயில் வருவது மெல்லிய ஓசை. சிங்களத்தில் த-வின் வல்லோசைக்கும் மெல்லோசைக்கும் தனித்தனி எழுத்து உண்டு. காதால் கேட்டு எழுதிய பொலிஸ் பதிவில் மெல்லோசை எழுத்து விழுந்திருந்தால், அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகிறவர் Jeyandini என்று எழுதுவார். தமிழ் ஆளின் பெயர் சிங்களத் தாளில் இருந்தால், அவருடைய தமிழ்த் தாளையும் கடவுச்சீட்டையும் பார்த்த பிறகே ஆங்கிலத்தில் கை வைக்க வேண்டும். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கப் பெயர்களில் வேறொரு இழுப்பு இருக்கிறது: சூசைப்பிள்ளையைக் கண்டதும் Joseph என்று எழுதக் கை போகும். சூசை யோசேப்புத்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் SOOSAIPILLAI என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

எழுதாமலே விடுவது

நான்காவது வழி, தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே மொழிபெயர்ப்புக்குள் வைப்பது. தனியாக இது போதாது, ஏனென்றால் அதிகாரியால் வாசிக்க முடியாது. ஆனால் ஆங்கிலப் பெயரின் பக்கத்தில் முதல் தடவை மட்டும் தமிழையும் வைத்தால் மேலே சொன்ன தகராறுகளில் பாதி எழாது. Selladuraiயும் Sellathuraiயும் எப்படி ஒன்று என்று கேட்பவருக்கு இரண்டின் பக்கத்திலும் செல்லத்துரை என்று நின்றால் தமிழ் தெரியாவிட்டாலும் உருவத்தைப் பார்த்தே புரியும். இது என் பழக்கம், எல்லோரும் செய்வதில்லை. தட்டச்சுக் கடையில் தமிழ் எழுத்துரு சரியாக ஏறாமல் சதுரம் சதுரமாக அச்சாகி வந்த தாள்களையும் பார்த்திருக்கிறேன். அச்செடுத்ததும் கண்ணால் பார்க்காமல் முத்திரை குத்தக் கூடாது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, எழுதாமல் விடுவதன் அருமை இன்னும் தெரியும். ஒரு கடிதத்தில் S. Kumaran என்று இருந்தால் தமிழில் என்ன முதலெழுத்து? சி., செ., ச., சு., எதுவாகவும் இருக்கலாம். முழுப்பெயரைப் பார்க்காமல் ஒன்றைத் தெரிவு செய்தால் அது ஊகம். எஸ். குமரன் என்று எழுதுவதுதான் நேர்மை. T. என்றால் எங்கள் பக்கத்தில் ரி., D. என்றால் டி. இந்தியத் தட்டச்சுப் பழக்கத்தில் T.க்கு டி. என்று போட்டால் இங்கே வாசிப்பவர் D. என்றே எடுத்துக்கொள்வார்.

நிறுவனங்கள்

ஆட்களின் பெயரில் பொருளை மொழிபெயர்க்க யாரும் நினைப்பதில்லை. நிறுவனத்தின் பெயரில் நினைப்பார்கள், அங்கேதான் ஆளுக்கொரு நியாயம் கிளம்பும்.

வங்கிகளைப் பார்த்தால் விளங்கும். People's Bank தமிழில் மக்கள் வங்கி, பொருள் மொழிபெயர்ப்பு. Commercial Bank கொமர்ஷல் வங்கி, ஓசை. வர்த்தக வங்கி என்று எழுதினால் அந்தப் பெயர் எந்த வங்கிக்கும் பொதுவாகிவிடும். Bank of Ceylon இலங்கை வங்கி. திரும்பிப் போகும்போது இலங்கை வங்கியை Bank of Sri Lanka என்று எழுதினால் அப்படி ஒரு வங்கி இல்லை. பழைய மின்பட்டியலில் இலங்கை மின்சார சபை என்றிருப்பது Ceylon Electricity Board, ஆனால் இலங்கை மத்திய வங்கி Central Bank of Sri Lanka. இதில் இலக்கணம் தேடிப் பயனில்லை. அந்த நிறுவனம் தன்னை மூன்று மொழியிலும் எப்படி எழுதிக்கொண்டதோ அதுவே விடை. கடிதத் தலைப்பையோ அவர்களுடைய இணையப் பக்கத்தையோ பார்த்தால் தெரியும்.

வன்னிக் கோப்புகளில் அதிகம் வருவது சங்கங்களும் கடைகளும். சங்கத்தின் பெயரில் இரண்டு துண்டு இருக்கும். செந்தாமரை மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டால், பின் துண்டு வகை, அதற்கு Women's Rural Development Society என்று நாடு முழுவதும் வழங்கும் பெயர் உண்டு. முன் துண்டு பெயர், அது Senthamarai. சங்கத்தினுடைய இறப்பர் முத்திரையில் ஆங்கிலம் இருந்தால் அதில் உள்ள எழுத்து முந்தும். Red Lotus என்று எழுதிய உதவித் திட்ட அறிக்கையையும் பார்த்திருக்கிறேன். அதை வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் சங்கத்தைத் தேடினால் கிடைக்காது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், கமக்காரர் அமைப்பு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

கடைக்குப் பலகையை நம்பக் கூடாது. லக்சுமி ஸ்ரோர்ஸ் என்ற கடையின் பலகையில் LUXMY என்றும் வங்கிக் கணக்கில் LAXMI என்றும் இருக்கலாம். கணவரின் வருமானத்தைக் காட்ட வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழும் வங்கிக் கூற்றும் ஒன்றாகப் போகும் கோப்பென்றால், பதிவில் ஆங்கில எழுத்து இருந்தால் அது முதலில். பதிவு தமிழில் மட்டும் இருந்தால் வங்கிக் கணக்கின் எழுத்து, ஏனென்றால் அதிகாரி ஒப்பிடப்போவது அதோடுதான். பலகை கடைசி.

கம்பனியென்றால் பின்னொட்டையும் தொட வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனியின் பெயர் (Private) Limited என்றோ (Pvt) Ltd என்றோ முடியும், பங்குச் சந்தைக் கம்பனிக்கு PLC. அது அலங்காரமில்லை, கடனுக்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதைச் சொல்கிறது. தமிழ் ஒப்பந்தத்தில் கம்பனிப் பெயரை முதல் தடவை உரோம எழுத்தில் பதிவில் உள்ளபடியே போட்டு, பக்கத்தில் பதிவிலக்கத்தையும் தமிழ் ஓசையையும் எழுதினால் போதும். பிறகு வருகிற இடங்களில் கம்பனி என்று மட்டும். சிலர் ஓசையை மட்டும் எழுதி உரோம எழுத்தை விட்டுவிடுவார்கள். வழக்கென்று வந்தால் ஹோல்டிங்ஸ் என்பதும் ஹோல்டிங் என்பதும் வெவ்வேறு கம்பனியாக இருக்கலாம், தமிழ் ஓசையில் அந்தக் கடைசி ஸ் எளிதில் விழுந்துவிடும்.

காணி உறுதியில் வரும் பெயர்களையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பனையடி வளவு என்று காணிக்குப் பெயர் இருந்தால் Panaiyadi Valavu என்றே போகட்டும். காணியில் இப்போது பனை இருக்கிறதா இல்லையா என்பது நில அளவையாளரின் வேலை.